தகவல் தாள்களைச் செப்பனிடும் குழுவினருக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நோயாளிகளுக்காக நீங்கள் தமிழில் வெளியிட்டிருக்கும் தகவல் தாள்களின் புதிய தொகுதியை முழுவதும் படித்தேன். எங்கும் ஒற்றுப்பிழை இல்லை. நடையும் அழகு. என் குறை அந்த அழகைப் பற்றியதுதான். எளிமைச் சோதனையை வரைவிலேயே முடித்துவிட்டு அதன் பிறகு நடையை மெருகேற்றியிருக்கிறீர்கள். ஆகவே சோதிக்கப்பட்டது ஒரு தாள், மக்கள் கைக்கு வந்தது வேறொரு தாள்.

இரத்தப் பரிசோதனைத் தாளையே பாருங்கள். "பரிசோதனைக்கு முந்தைய எட்டு மணி நேரம் நீர் தவிர்த்த பிற உணவுகளை உட்கொள்ளலாகாது" என்கிறது. தமிழாசிரியர் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் தேசியப் பள்ளியில் மலாயில் படித்து, தமிழை வீட்டுப் பேச்சில் மட்டும் அறிந்தவர் எழுத்துக்கூட்டி வரும்போது "நீர் தவிர்த்த" என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். தண்ணீரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். நீங்கள் சொல்ல வந்ததற்கு இது நேர் எதிர். உடலில் நீர் குறைந்து வருபவருக்கு இரத்தம் எடுக்க இரத்தக் குழாயைத் தேடுவதும் கடினம்.

திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்பவருக்கு இடறல் வேறு விதம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. கூடுமா, கூடாதா என்பதும் அந்த வினையின் வாலில்தான் இருக்கிறது. கண்ணால் படிப்பவர் வாக்கியத்தின் தொடக்கத்திற்கு ஒரு நொடியில் திரும்பிவிடுவார். கேட்பவர் "ஆகாது" என்ற ஒலி வரும் வரை முழு வாக்கியத்தையும் நினைவில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பழகியவர்கள் அதைக் கேட்கும் வேகமும் அதிகம். இப்படி மாற்றலாம்:

"உங்கள் பரிசோதனை காலை 8 மணிக்கு. முந்தைய இரவு 12 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீர்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாம்."

தாளில் "மு.ப. 8-12" என்றும் இருந்தது. குரல் அதை "மு", "ப", "எட்டு", "பன்னிரண்டு" என்று உதிர்க்கிறது. "காலை 8 மணி முதல் 12 மணி வரை" என்றால் இருவருக்கும் தெளிவு. அதற்காகப் பேச்சு வழக்கில் எழுதச் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் தமிழ் கற்றவருக்கு "சாப்பிடாதீங்க" என்பது எழுத்தில் புதிது.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. "சௌகரியமான உடை அணியுங்கள்" என்ற வரியில் ஔகாரக் குறியைத் தட்டாமல், எகரக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டி "செளகரியமான" என்று எழுதியிருக்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். திரைவாசிப்பானோ "செள-கரியம்" என்று ளகரத்தை அழுத்திப் படிக்கிறது. எத்தனை பேர் மெய்ப்புப் பார்த்தாலும் இது கண்ணில் சிக்காது. ஆனால் தேடலில் சிக்கும். எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் ஒழுங்குமுறைக் கோவையை, \u குறியீட்டோடு ஏற்கும் உரைத் தொகுப்பானில் இதை இட்டு முழுத் தொகுதியையும் தேடுங்கள்:

```
[\u0BC6\u0B92]\u0BB3[\u0B95-\u0BB9]
```

எகரக் கொம்போ ஒகரமோ வந்து, அடுத்து ளகரம், அதன் பின் உடனே இன்னொரு மெய்யோ உயிர்மெய்யோ வரும் இடங்களை இது பிடிக்கும். "தெளிவு", "வெள்ளி", "ஒளி" போன்றவற்றில் ளகரத்தை ஒரு குறியோ புள்ளியோ தொடர்வதால் அவை தப்பிவிடும். "கெளம்பு" போன்ற பேச்சுச் சொற்களும் வலையில் விழும் என்பதால், கிடைப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்துங்கள். மொத்தமாக மாற்றாதீர்கள்.

பிடிஎஃப் கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். தமிழுக்குப் பதில் ரோமன் எழுத்துக் கிறுக்கல் வந்தால் அது பழைய எழுத்துருவின் வேலை. திரைவாசிப்பானும் அந்தக் கிறுக்கலைத்தான் வாசிக்கும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். இணையப் பக்கமாக வெளியிட்டால், பக்கத்தின் மொழி தமிழ் என்று சொல்லும் `lang="ta"` இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் வேறு மொழிக் குரல் தமிழைப் படிக்கத் தொடங்கிவிடக்கூடும்.

உங்களில் ஒருவர் ஆங்கிலத்துக்குரிய எளிமை மதிப்பெண்ணைத் தமிழுக்கும் போட்டுப் பார்த்ததாக அறிகிறேன். அதை விட்டுவிடுங்கள். 1948இல் ஃபிளெஷ் வகுத்த அந்தச் சூத்திரம் ஒரு சொல்லில் எத்தனை அசை என்று எண்ணுகிறது. "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்பது நமக்கு ஒரே சொல். எண்ணிக்கையால் அதன் கடினம் தெரியாது. 1953இல் வில்சன் டெய்லர் முன்வைத்த முறை தமிழுக்கும் பொருந்தும். ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அடித்துவிட்டு, படிப்பவரை நிரப்பச் சொல்வது அது. நம் சொற்கள் நீளமானவை. விகுதியோடு சேர்த்து மறைப்பதால் சரியான வடிவத்தை ஊகிப்பது கடினம். ஆகவே ஒரே பொருளுடைய வேறு சொல்லையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாத் தாள்களுக்கும் இதைச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. எழுத்துத் தேடல் முழுத் தொகுதிக்கும் நடக்கட்டும். மனிதச் சோதனைக்கு, நோயாளி ஏதாவது ஒன்றைச் செய்யவோ செய்யாமலிருக்கவோ சொல்லும் தாள்களைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் இரண்டாம் மொழியான ஒருவரிடமும், திரைவாசிப்பானில் கேட்கும் ஒருவரிடமும் இறுதிக் கோப்பையே கொடுத்து, "நாளைக் காலை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காகப் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

திருத்திய வரிகளை மருத்துவர் மறுபடியும் பார்க்க வேண்டும். சுருக்கும்போது ஒரு நிபந்தனை விழுந்துபோகலாம். அவர் கையெழுத்திட்ட பின் எந்த வரியையும் அழகுக்காகத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால், அந்தத் தாள் மீண்டும் சோதனைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்