பத்திரம் தானாக வீடு வந்து சேராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் கடன் கட்டுரையில், "கடைசித் தவணை கட்டி முடித்ததும் அசல் பத்திரங்கள் தானாக உங்கள் கைக்கு வந்துவிடும்" என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2008-ல் குரோம்பேட்டையில் வீடு வாங்க நானும் என் கணவரும் வங்கியில் பதினைந்து வருடக் கடன் எடுத்தோம். நடுவில் வட்டி ஏறியது. தவணைத் தொகையை அப்படியே வைத்துவிட்டு வருடத்தை நீட்டிவிட்டார்கள். பதினைந்து வருடம் என்றது பதினேழுக்கும் மேல் போனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கணக்கு விவரம் கேட்டு வாங்கிப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் முடிக்கும்போதாவது கவனமாக இருக்க நினைத்தேன். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினால் கணக்கு முழுதாகத் தீரும் என்று எழுதிக் கேட்டு வாங்கினேன். அவர்கள் சொன்ன தொகையை, சொன்னபடியே 2025 ஜூன் 10 அன்று கட்டி ரசீதும் வாங்கினேன். அசல், வட்டி, கட்டணம் எல்லாம் பூஜ்யம் என்று காட்டும் கடன் முடிவு அறிக்கையும் பத்திரங்களும் வேண்டும் என்று அன்றே கடிதம் கொடுத்தேன். என் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் போட்ட உத்தரவு தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வருடம் டிசம்பர் 1 முதல், கடன் முழுதாகத் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். கடன் கொடுத்தவரால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஜூன் 10-லிருந்து 30 நாள் என்றால் ஜூலை 10. எனக்குப் பத்திரம் கிடைத்தது ஆகஸ்ட் 22. நாற்பத்து மூன்று நாள் தாமதம், 2,15,000 ரூபாய்.

கிளையில் போய்க் கேட்டேன். "அம்மா, சிஸ்டத்துல உங்க லோன் ஜூலை 25-லதான் க்ளோஸ் ஆயிருக்கு, முப்பது நாளுக்குள்ளயே குடுத்துட்டோமே" என்றார் அங்கே இருந்த தம்பி. முழுப் பணமும் ஜூன் 10-ல் அவர்கள் கையில். கம்ப்யூட்டரில் முடித்துப்போட ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டது அவர்கள். அந்த நாளெல்லாம் என் தலையிலா? உத்தரவு பேசுவது பணம் தீர்ந்த நாளைப் பற்றி. அதனால்தான் முடிவு அறிக்கையில் கடைசிப் பணம் வந்த தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்கிறேன். "கணக்கு முடிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

பத்திரம் வாங்கப் போன அன்று மேஜைமேல் பழுப்பு உறையை வைத்துவிட்டு, "முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். முடியாது என்று, 2008-ல் பத்திரங்களை ஒப்படைத்தபோது கொடுத்த பட்டியலை எடுத்து வைத்தேன். கிரயப் பத்திரம், 1984-ஆம் வருடத்து மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாக டிக் போட்டேன். மூலப் பத்திரத்தின் மடிப்பு பிய்ந்து, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தது. ஆனாலும் எல்லாத் தாளும் இருந்தன. அப்புறம்தான் கையெழுத்து. ஒரு தாள் குறைந்திருந்தால்? தொலைந்ததற்குச் சான்றிட்ட நகல் எடுக்க உதவி, அந்தச் செலவையும் ஏற்க வேண்டியது அவர்கள்தான் என்று அதே உத்தரவு சொல்கிறது. வெறும் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டில் வந்து எண்ணினால் யாரிடம் போய்க் கேட்பது?

அதோடும் முடியவில்லை. பத்திரம் கைக்கு வந்த பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், பத்திரங்களை வைத்துக் கடன் வாங்கியதாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பழைய ஆவணம் அப்படியே நிற்கிறது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிய வங்கி அலுவலர் வர வேண்டும். அவருக்கு நேரம் கிடைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. எழுபதை நெருங்கும் என் கணவர் முழங்கால் வலியோடு என்னுடன் அலைந்தார்.

இழப்பீட்டுக்கு எழுதிய கடிதத்துக்கு முப்பது நாளில் பதில் வராததால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். அது என் பாடு.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, கடைசிப் பணம் கட்டும் அன்றே எழுத்தில் கேட்டு, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
குரோம்பேட்டை, சென்னை