ஸ்லைடுகளுக்கு நடுவே உள்ள வாதத்தையும் எழுதுங்கள்: வகுப்புக் குறிப்பு தொகுக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக மருத்துவப் பாடத்துக்குக் குறிப்பு தொகுத்து வகுப்பு முழுவதற்கும் வழங்கிவரும் மாணவர்களுக்கு,

வணக்கம். உங்கள் துறையில் விடைத்தாள் திருத்துபவர்களில் நானும் ஒருத்தி. 1854ஆம் ஆண்டு லண்டன் காலராவைப் பற்றிய வகுப்புக்கு நீங்கள் தொகுத்த குறிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஸ்லைடுகளில் இருந்த ஒரு சொல்கூட விடுபடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதைப் படிப்பவரிடம் மிஞ்சுவது ஒரு சிறு கதைதான்: ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வரைபடம் வரைந்தார், பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது, காலரா நின்றது. இந்தக் கதை ஏன் போதாது என்பதுதான் உங்கள் ஆசிரியர் அன்று நடத்திய பாடம்.

அதைத் தெரிந்துகொள்ள வகுப்பின் ஒலிப்பதிவு தேவையில்லை. ஸ்லைடுகளின் வரிசையே காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து, இத்தோடு வாதம் முடிந்திருந்தால் அடுத்த ஸ்லைடுக்கு என்ன வேலை என்று கேட்டுப்பாருங்கள். வரைபடமே எல்லாவற்றையும் நிறுவிவிட்டது என்றால், அதை அடுத்து "மதுவடிப்பாலை, ஏழையர் விடுதி, ஹாம்ப்ஸ்டெட்" என்று மூன்றே சொற்கள் கொண்ட ஒரு ஸ்லைடு எதற்கு? கைப்பிடியைக் கழற்றியதே முடிவான சான்று என்றால், அதை அடுத்து நாள்வாரி வரைகோடு எதற்கு, கடைசியில் குடிநீர் நிறுவனங்களின் அட்டவணை எதற்கு? இந்தக் கேள்விகளுக்கான விடைகளைக் கோத்தால் அதுவே ஆசிரியரின் வாதம்.

வரைபடத்திலிருந்து தொடங்குகிறேன். பிராட் தெருவைச் சுற்றிய சிறு பகுதியில் பத்து நாட்களுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியாயினர். இறப்புகள் அடிபம்பைச் சுற்றிக் குவிந்திருப்பதை வரைபடம் காட்டுகிறது. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று அன்று நம்பியவர்களுக்கு இது எந்தச் சங்கடத்தையும் தரவில்லை. அந்த இடத்தில் காற்று கெட்டிருந்தது, அதனால் அங்கே இறந்தார்கள் என்று அவர்கள் சொல்லிவிடலாம். தண்ணீரும் காற்றும் ஒரே இடத்தில் இருக்கும்வரை எது காரணம் என்று வரைபடத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வாக்கியம் எந்த ஸ்லைடிலும் இல்லை. ஆனால் அடுத்த ஸ்லைடு இதை எண்ணியே அமைந்திருக்கிறது.

அந்த மூன்று சொற்களும் காற்றையும் தண்ணீரையும் பிரிக்கின்றன. மதுவடிப்பாலை பிராட் தெருவிலேயே, பம்புக்கு அருகிலேயே இருந்தது. அங்கே வேலை செய்த எழுபதுக்கு மேற்பட்டோரில் யாரும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் ஆலையின் பீரைக் குடித்தார்கள், ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. ஏழையர் விடுதியில் இருந்த 535 பேரில் இறந்தவர்கள் ஐவர் மட்டுமே. அங்கும் தனிக் கிணறு இருந்தது. ஹாம்ப்ஸ்டெட் கதை இதற்கு நேர்மாறானது. பிராட் தெருவிலிருந்து தொலைவில் இருந்த அந்த ஊரில் வாழ்ந்த கைம்பெண் ஒருவர் பிராட் தெருத் தண்ணீரை விரும்பி அன்றாடம் வண்டியில் தருவித்துக் குடித்துவந்தார். காலரா இல்லாத அந்த ஊரில் செப்டம்பர் 2ஆம் தேதி காலராவால் இறந்தார். ஆக, அதே காற்றைச் சுவாசித்து வேறு தண்ணீர் குடித்தவர்கள் பிழைத்தார்கள், வேறு காற்றைச் சுவாசித்து அதே தண்ணீர் குடித்தவர் இறந்தார். உங்கள் குறிப்பில் இம்மூன்றும் "சுவாரசியமான தகவல்கள்" என்ற தலைப்பின் கீழ் வந்திருக்கின்றன. வாதத்தின் திருப்பமே இங்குதான் இருப்பதால், அந்தத் தலைப்பை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து வருவது கைப்பிடி. அது கழற்றப்பட்டது செப்டம்பர் 8ஆம் தேதி. ஸ்நோவின் கணக்கில், உயிரைப் பறித்த தாக்குதல்கள் செப்டம்பர் 1ஆம் தேதி 143 ஆக இருந்தன. 8ஆம் தேதிக்குள் அவை 12 ஆகக் குறைந்துவிட்டன. கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே கொள்ளைநோய் தணிந்துகொண்டிருந்தது, மக்களில் பெரும்பகுதியினர் அந்தப் பகுதியைவிட்டே ஓடியிருந்தனர். ஸ்நோவே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்த ஸ்லைடுக்குக் கீழே "வெற்றி" என்று நீங்கள் எழுதிய சொல்லை, பக்கத்திலேயே இருக்கும் வரைகோடு மறுக்கிறது. "கைப்பிடி கழற்றப்பட்டது, ஆனால் நோய் அதற்கு முன்பே இறங்குமுகத்தில் இருந்ததால் இதைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியாது" என்று எழுதினால், அந்த "ஆனால்" ஆசிரியர் வாயால் சொன்னதை மீட்டுத் தந்துவிடும். தலைப்புச் சொற்களை அடுக்கும்போது முதலில் தொலைந்துபோவது ஆனால், ஆகவே, இருந்தாலும் ஆகிய இணைப்புச் சொற்களே.

ஆகவே ஒரு தெருவின் கதை போதவில்லை, ஒப்பீடு தேவைப்பட்டது. தென் லண்டனில் இரண்டு நிறுவனங்கள் குழாய்வழி குடிநீர் வழங்கின. சவுத்வார்க் வாக்ஸால் நிறுவனம் நகரச் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852இல் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதியில், நகரச் சாக்கடை கலக்காத தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிக்கொண்டது. பல பகுதிகளில் இரண்டின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஏழையும் பணக்காரரும் இரண்டு தண்ணீரையும் குடித்தார்கள். அதாவது காற்று, வறுமை, தொழில் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, தண்ணீர் மட்டும் வேறுபட்டது. எந்த நிறுவனத்தின் நீர் என்று வீட்டில் இருப்பவருக்கே தெரியாதபோது, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நீரிலிருந்த உப்பைச் சோதித்து ஸ்நோ அதைக் கண்டுபிடித்தார். கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்கு இறப்பு சவுத்வார்க் வாக்ஸாலில் 315, லாம்பெத்தில் 37. கடைசி ஸ்லைடில் இந்த இரண்டு எண்களும் எந்த விளக்கமும் இல்லாமல் நிற்கின்றன. வீடுகள் கலந்திருந்தன என்ற செய்தியை எழுதாவிட்டால், இரண்டு வெவ்வேறு ஊர்களின் எண்களாகவே அவை படும். காற்றுக் கொள்கையும் தப்பிவிடும்.

இங்கே நான் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாதத்தைக் கோக்கத் தொடங்கியவருக்கு அதைக் குறையே இல்லாததாக ஆக்கிவிடும் ஆசை வரும். அந்த அட்டவணையின் வீட்டுக் கணக்கு இரு நிறுவனங்களும் நீர் வழங்கிய எல்லா வீடுகளுக்குமானது. குழாய்கள் கலந்து ஓடிய பகுதிகளுக்கு மட்டுமானது அன்று. வாதத்தின் பலம் கலந்த பகுதிகளில் இருக்க, எண்கள் அதைவிடப் பெரிய பரப்பிலிருந்து வருகின்றன. அட்டவணையின் ஓரத்தில் ஆசிரியர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அது இதைத்தான் குறிக்கிறது என்று நான் எண்ணுகிறேன். எண்ணுகிறேன் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆகையால் குறிப்பைத் திருத்தி எழுதும்போது, ஸ்லைடில் அச்சாகி இருப்பதை நேராகவும், வகுப்பில் சொன்னதாக உங்களில் ஒருவருக்கேனும் நினைவிருப்பதை அடிக்கோடிட்டும், இணைப்புக்காக நீங்களே சேர்த்ததைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுதுங்கள். பிறகு அடைப்புக்குள் இருக்கும் வாக்கியங்களை மட்டும் ஆசிரியரிடம் காட்டி, "இதைத்தான் சொன்னீர்களா" என்று கேளுங்கள். முழுக் குறிப்பையும் நீட்டினால் படிக்க நேரமிருக்காது. ஐந்தாறு வாக்கியங்களை அங்கேயே நின்று திருத்திக் கொடுத்துவிடுவார். கேள்விக்குறியைப் பற்றிய வாக்கியத்தை முதலில் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் பயிற்றுநர் ஒருத்தி