வியாழக்கிழமை தாமதமும் இடி எண்ணும் கணக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வியாழக்கிழமை பள்ளி விட்டும் 5:20 வரை பிள்ளைகளை வகுப்பறையிலேயே உட்கார வைத்திருந்தோம். வாசலில் காத்து நின்றவர்களுக்குச் சிரமம்தான், மன்னிக்கவும். "இடி ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளித்தானே இடிக்குது, என் பையனே எண்ணிச் சொன்னானே" என்று ஒருவர் கேட்டார். பையன் எண்ணியதில் தப்பில்லை. எட்டாம் வகுப்பில் நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் அந்தக் கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

மின்னல் வெளிச்சம் அந்தக் கணமே நம் கண்ணுக்கு வந்துவிடும். சத்தம் நம் ஊர் வெயிலில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் வரும். அதனால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 வினாடி. மின்னியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். வெயில் பத்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் விடை நூற்றுக்கு இரண்டு பங்குகூட மாறாது. எண்ணுகிற வேகத்தில்தான் பெரிய பிழை வரும். அன்று ஒரு மாணவன் "ஒண்ணு, ரெண்டு" என்று பதற்றத்தில் 18 வரை எண்ணினான். ஆசிரியரின் ஸ்டாப்வாட்ச் 13 வினாடி காட்டியது. நாலரை கிலோமீட்டர் அவன் கணக்கில் ஆறு ஆகிவிட்டது. "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணச் சொன்னதும் சரியாக வந்தது.

அப்புறம் 4:10-க்கு நடந்ததுதான் முக்கியம். ஒரு மின்னலுக்கு 15 வினாடி கழித்து இடி வந்தது. 5 கிலோமீட்டர் என்று சொன்னார்கள், சரிதான். ஆனால் எந்தப் பக்கம் 5 கிலோமீட்டர்? பக்கவாட்டில் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். மேகத்துக்குள்ளேயே வெட்டுகிற மின்னல்தான் அதிகம், அது 5 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கலாம். நேரே நம் தலைக்கு மேல் வெட்டினாலும் அதே 15 வினாடிதான் ஆகும். அதாவது விடை "5 கிலோமீட்டர்" என்று வந்தபோது மழைமேகம் மைதானத்துக்கு மேலேயே இருந்திருக்கலாம். அடுத்த மின்னல் தரையில் இறங்க எதுவும் தடையில்லை.

இன்னொன்று, மின்னல் ஒரு புள்ளி இல்லை, பல கிலோமீட்டர் நீளமுள்ள கோடு. அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சத்தம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. இடி ஒரே அடியாக முடியாமல் உருண்டுகொண்டே போவது பெரும்பாலும் இதனால்தான். அன்று ஒரு இடி 9 வினாடியில் தொடங்கி 21 வரை உருண்டது. அந்த மின்னலின் கிட்டத்துப் பகுதி 3 கிலோமீட்டரில் இருந்தது, தூரத்துப் பகுதி ஏறக்குறைய 7-இல். பிள்ளைகள் பலர் சத்தம் பெரிதாகும் வரை காத்திருந்து 14, 15 என்று எழுதியிருந்தார்கள். முதல் உறுமலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மின்னல்கள் அடுத்தடுத்து வந்தால் எந்த இடி எதற்கு என்றே தெரியாது. ஒரு மின்னல், 11 வினாடி கழித்து இன்னொன்று, அதற்கு 4 வினாடி கழித்து இடி. முதல் மின்னலுக்கானது என்றால் 5 கிலோமீட்டர். இரண்டாவதற்கானது என்றால் 1.3 கிலோமீட்டர்தான். சத்தம் "படார்" என்று வெடித்தால் கிட்டத்தில் என்று ஊகிக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. இப்படிக் குழம்பும்போது சின்ன எண்ணையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

இடியே கேட்காவிட்டாலும் கணக்கு கைவிட்டுவிடும். மேலே போகப் போகக் காற்று குளிர்வதால் சத்தம் மேல்நோக்கி வளைந்துவிடும். ஆகவே 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் எதுவும் கேட்காது. ஆனால் மின்னல் மேகத்திலிருந்து பக்கவாட்டில் 10, 15 கிலோமீட்டர் தள்ளி, மழையே இல்லாத இடத்திலும் இறங்குவது உண்டு. நம் சைக்கிள் ஷெட் தகரக்கூரையில் மழை கொட்டினால் பக்கத்து இடிகூட அமுங்கிப்போகும்.

அதனால் பள்ளியில் இந்த எண்ணிக்கையைப் பாடத்துக்கு வைத்துக்கொள்கிறோம், வெளியே விடலாமா என்று முடிவு செய்ய இல்லை. இடி காதில் விழுந்தால் எத்தனை வினாடி என்று பார்க்காமல் மைதானம் காலி. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே. வியாழனன்று கடைசி உறுமல் 4:48-க்குக் கேட்டது. 5:18-க்குத்தான் மணி அடிக்கச் சொன்னேன்.

இனி இப்படித் தாமதமானால் உங்கள் கைப்பேசிக்குத் தகவல் அனுப்புவோம். வேப்பமரத்தடியில் நின்று காத்திருக்காமல் கட்டடத்துக்குள்ளே வந்துவிடுங்கள். காரில் வருபவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்