திட்ட மதிப்பீட்டு அறிக்கைகளுக்கு ஒப்புதல் தரும் முதலீட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகளில் ஐந்தாண்டுப் பணவரவைப் பற்றி நிறையக் கேள்வி கேட்கிறீர்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு வரும் பணம் முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கி, அதன் கீழே ஒற்றை வரியில் இருக்கும் இறுதி மதிப்பை, அதாவது டெர்மினல் வேல்யூவை, பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறீர்கள். அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு குளிர்பதனக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முதலீடு 100 கோடி ரூபாய். ஐந்து ஆண்டுகளில் கையில் மிஞ்சும் பணவரவு முறையே 6, 7, 8, 9, 10 கோடி. தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். இந்த ஐந்தாண்டுப் பணத்தின் இன்றைய மதிப்பு 28 கோடிதான். மீதி முழுவதும் இறுதி மதிப்பிலிருந்து வர வேண்டும்.

ஐந்தாம் ஆண்டு எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்திய லாபம், 20 கோடி. பட்டியலிட்ட நிறுவனங்கள் பத்து மடங்கில் விலைபோகின்றன என்று சொல்லி, அறிக்கை 200 கோடி போடுகிறது. இதுதான் எக்ஸிட் மல்டிபிள் முறை. 200 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 113 கோடி. ஆக மொத்தம் 141 கோடி, முதலீடு போக 41 கோடி லாபம். திட்டம் பிரமாதமாகத் தெரிகிறது.

அந்தப் பத்து மடங்கு எந்த வளர்ச்சியை நம்பிச் சொல்லப்பட்டது என்று அறிக்கையில் இருக்காது. ஆனால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். g என்பது வளர்ச்சி, TV இறுதி மதிப்பு, WACC தள்ளுபடி விகிதம், FCF ஐந்தாம் ஆண்டுப் பணவரவு:

```
g = (TV × WACC − FCF) / (TV + FCF)
  = (200 × 0.12 − 10) / (200 + 10) = 6.67%
```

அதாவது இந்தக் கிடங்கின் பணவரவு முடிவே இல்லாமல் ஆண்டுக்கு 6.67 சதவீதம் வளரும் என்கிறது அந்த மல்டிபிள். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். அதற்கு மேல் உண்மையான வளர்ச்சி மட்டுமே 2.5 சதவீதத்துக்கு மேல், அதுவும் என்றென்றைக்கும். ஒரு கிடங்குக்கு இது அதிகம். இன்று வேகமாக வளரும் நிறுவனங்களுக்குச் சந்தை தரும் விலையை, ஐந்து ஆண்டு கழித்து நிதானத்துக்கு வந்துவிட்ட தொழிலின் மேல் ஒட்டும்போது இப்படித்தான் ஆகும்.

சரி, நிரந்தர வளர்ச்சி முறைக்கு மாறினால் போதுமா? 5 சதவீத வளர்ச்சி வைத்தால் 10 × 1.05 / 0.07, அதாவது 150 கோடி. லாபம் 13 கோடியாகக் குறைகிறது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கக் கூடாது, ஏனென்றால் இந்த முறையும் ஒன்றை மறைக்கிறது.

எபிட்டா 20 கோடியில் தேய்மானம் 5, 25 சதவீத வரி 3.75 போனால், செயல்பாட்டு லாபம் 11.25 கோடி. பணவரவு 10 என்றால், தேய்மானத்தை ஈடுகட்டியது போகப் புதிதாக முதலீடு செய்தது வெறும் 1.25 கோடி, லாபத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதை வைத்து 5 சதவீதம் வளர வேண்டுமானால், புதிதாகப் போடும் பணம் 45 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட 100 கோடி சம்பாதிப்பதோ 11 சதவீதம் சொச்சம்! தாராளமாக 15 சதவீதம் என்றே வைப்போம். அப்போது லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் போட வேண்டும். மிஞ்சும் பணவரவு 7.5 கோடி, இறுதி மதிப்பு 112.5 கோடி. திட்டத்தின் மொத்த மதிப்பு 92 கோடி, முதலீட்டைவிட 8 கோடி குறைவு. அதே கிடங்குதான், ஆனால் இப்போது முடிவே தலைகீழ்.

112.5 கோடி என்பது எபிட்டாவில் 5.6 மடங்கு. எபிட்டா தேய்மானத்துக்கு முந்திய எண் என்பதால், கம்ப்ரஸர்களையும் காப்புப் பலகைகளையும் மாற்றும் செலவு அதில் தெரியவே தெரியாது. அந்தச் செலவு அதிகமுள்ள கிடங்குக்கும் குறைவான கிடங்குக்கும் ஒரே மடங்கைப் போடுவது தவறு.

மல்டிபிளையே தள்ளிவிடச் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டில் உண்மையிலேயே விற்று வெளியேறப் போகும் நிதி என்றால், வாங்குபவர்கள் மடங்கில்தான் பேரம் பேசுவார்கள். அப்போதும் ஒப்பிடும் நிறுவனங்கள் அன்றைய நிலையை ஒத்தவையாக இருக்க வேண்டும். சலுகைக் காலம் முடிந்ததும் அரசிடம் திரும்பிப் போகும் சுங்கச் சாலைக்கோ இரண்டு முறையும் பொருந்தாது. அங்கே ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு வரை பணவரவைக் கணக்கிட்டு நிறுத்த வேண்டியதுதான்.

அதனால் ஒரு கோரிக்கை. மல்டிபிள் போட்ட அறிக்கை என்றால் அது மறைமுகமாகச் சொல்லும் வளர்ச்சியையும், வளர்ச்சி போட்ட அறிக்கை என்றால் அதற்கான மறுமுதலீட்டையும் அதிலிருந்து கிடைக்கும் மடங்கையும் அதே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவை இல்லாத அறிக்கையை வாக்கெடுப்புக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திட்ட அறிக்கைகளைத் தொழிலாகப் படித்துவரும் ஒருவன்