கேம் கன்சோலில் வேலை செய்யாத விபிஎன் சந்தா: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
உங்கள் ஓராண்டுச் சந்தாதாரர்,
பெரம்பூர், சென்னை - 600 011

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
விபிஎன் சேவை நிறுவனம்

தேதி: 14-06-2025

பொருள்: தவறான வழிகாட்டலால் 30 நாள் கெடு தாண்டியது, சந்தாத் தொகை 3,540 ரூபாயைத் திருப்பித் தருவது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மே 3-ஆம் தேதி உங்களிடம் ஒரு வருடச் சந்தா வாங்கினேன். ஜிஎஸ்டி சேர்த்து 3,540 ரூபாய். வாங்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை இரவு இருவரும் பிளேஸ்டேஷனில் சேர்ந்து விளையாடுவோம். கேம் சர்வரும் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. பகலில் ஒழுங்காக ஓடும் கேம், இரவு ஒன்பது மணிக்கு மேல் என் பக்கம் மட்டும் நின்று நின்று ஓடும். வழியில் எங்கோ நெரிசல், விபிஎன் போட்டால் வேறு வழியில் போகும் என்று தம்பி சொன்னான். உங்கள் விளம்பரத்திலும் கன்சோல் படம் பெரிதாக இருந்தது. "எல்லாக் கருவிகளிலும் இயங்கும்" என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள்.

பிளேஸ்டேஷனில் விபிஎன் செயலியைப் போட வழியே கிடையாது. இது பணம் கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டும்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். சரி, லேப்டாப்பில் விபிஎன்னை ஓடவிட்டு, அதன் ஹாட்ஸ்பாட்டில் கன்சோலை இணைக்கலாம் என்று உங்கள் உதவிப் பக்கமே சொன்னது. அதில் மூன்றே வரிகள்தான்: லேப்டாப்பில் விபிஎன்னை இணைக்கவும், மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யவும், கன்சோலை அதில் இணைக்கவும். அந்த மூன்று வரிகளில்தான் என் ஒரு மாதம் போயிற்று.

அதில் சொன்னபடியே செய்தேன். ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள், லேப்டாப்பிலிருந்து கன்சோலுக்கு வைஃபை. என்னுடையது முதலில் வந்த மாடல் பிளேஸ்டேஷன் 4. அது 2.4 GHz வைஃபையை மட்டுமே பிடிக்கும் என்பதால் முதலில் ஹாட்ஸ்பாட் பெயரே திரையில் தெரியவில்லை. ஹாட்ஸ்பாட் அமைப்பில் Network band என்ற இடத்தில் 2.4 GHz என்று மாற்றியதும் தெரிந்தது. அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை. கன்சோலில் இணையச் சோதனை எல்லா வரியிலும் வெற்றி காட்டியது. கேம் மட்டும் பழையபடியே நின்று நின்று ஓடியது.

மே 4-ஆம் தேதி உங்கள் சாட் உதவிக்கு எழுதினேன். "சர்வரை மாற்றிப் பாருங்கள்" என்றார்கள். மாற்றினேன். "செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்றார்கள். அதையும் இரண்டு முறை செய்தேன். உங்கள் ஆட்கள் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கன்சோலின் டேட்டா விபிஎன் வழியாகத்தான் போகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதை நானேதான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். கன்சோலில் ஐ.பி. முகவரியைப் பார்ப்பது சுலபமில்லை என்பதால் என் போனை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஐ.பி. காட்டும் ஒரு தளத்தைத் திறந்தேன். பக்கத்திலேயே லேப்டாப்பிலும் அதே தளத்தைத் திறந்தேன். லேப்டாப் சிங்கப்பூர் என்றது. போன் சென்னை என்றது, கூடவே என் பிராட்பேண்ட் நிறுவனத்தின் பெயரையும் காட்டியது. இரண்டும் ஒரே மேசையில், ஒரே இணைப்பில். அதாவது, லேப்டாப் மட்டும் விபிஎன்னுக்குள் இருந்தது. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த எதுவுமே அதற்குள் போகவில்லை. பத்து நாளாக நான் விபிஎன் இல்லாமலேயே விளையாடிக்கொண்டு, விபிஎன் சரியில்லை என்று உங்களிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் இதுதான். விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தால், எந்த இணைப்பைப் பகிர்வது என்று அது ஒரு பட்டியலைக் காட்டும். என் லேப்டாப்பில் அந்தப் பட்டியலில் Ethernet மட்டுமே இருந்தது. உங்கள் செயலி உருவாக்கும் விபிஎன் அடாப்டர் அதில் இல்லை. ஆக, லேப்டாப்பின் சொந்த டேட்டா விபிஎன் வழியே போகும், ஹாட்ஸ்பாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் லேன் கேபிள் வழியே நேராக வெளியே போவார்கள். இதைச் சரிசெய்ய விபிஎன் அடாப்டரையே பகிர வேண்டும். Win + R அழுத்தி இதைத் தட்டச்சு செய்தால் எல்லா அடாப்டர்களும் வரும்:

```
ncpa.cpl
```

முதலில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பட்டியலில் Local Area Connection* என்று நட்சத்திரக் குறியும் ஒரு எண்ணும் போட்ட புதிய அடாப்டர் ஒன்று தோன்றும். ஹாட்ஸ்பாட் என்பது அதுதான். என்னுடையதில் எண் 10. பிறகு விபிஎன் அடாப்டரை வலது கிளிக் செய்து, Properties போய், Sharing தாவலில் முதல் கட்டத்தை டிக் செய்து, கீழே அந்த நட்சத்திர இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே Ethernet பகிரப்பட்டிருந்தால் அதன் டிக்கை முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் பகிர முடியும். இத்தனையும் உங்கள் மூன்று வரிகளில் எங்கே?

இதைச் செய்ததும் இன்னொரு கூத்து. போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தது, 192.168.137 என்று தொடங்கும் முகவரியும் கிடைத்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. கன்சோலில் ஐ.பி. முகவரி பெறுவது வெற்றி, இணைய இணைப்பு தோல்வி. மறுபடி உங்கள் உதவிக்கு எழுதினேன். இந்த முறை வந்த பதில்தான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது: "ஹாட்ஸ்பாட் முறை நம்பகமானதல்ல, விபிஎன் ஆதரவு உள்ள ரூட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்."

அதையும் நம்பி ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அட்டைப்பெட்டியில் VPN Passthrough என்று அச்சடித்த ஒரு ரூட்டரைக் கையில் எடுத்தேன், விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "எதுக்கு சார் இது?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ இது வேணாம் சார். உள்ள இருக்கிற லேப்டாப் விபிஎன் போட்டா இது தடுக்காம வெளிய விடும், அவ்வளவுதான். ரூட்டரே போய் விபிஎன்ல சேரணும்னா கிளையன்ட்னு போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அவரே திருப்பி அலமாரியில் வைத்தார். கிளையன்ட் உள்ள சின்ன ரூட்டர்களிலும் ஓபன்விபிஎன் போட்டால் ஸ்பீடு நன்றாகக் குறையும், என்க்ரிப்ஷன் வேலை முழுவதையும் அந்தச் சின்ன பிராசசர்தான் இழுக்க வேண்டும் என்றார். என்னிடம் ஒரு பைசா வாங்காதவர் இவ்வளவு சொன்னார். 3,540 ரூபாய் வாங்கிய உங்களிடமிருந்து "விபிஎன் ஆதரவு" என்ற இரண்டு வார்த்தைதான் வந்தது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, செயலியின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். குற்றவாளி, நடுவில் ஆன் ஆகியிருந்த உங்கள் கில் ஸ்விட்ச். விபிஎன் அறுந்தால் இணையத்தை மூடிவிடுவதற்காக வைத்தது அது. ஆனால் அது ஆன் ஆகி இருக்கும்போது விபிஎன் சுரங்கத்துக்குள் போகாத எல்லாவற்றையும் ஃபயர்வால் தடுத்துவிடுகிறது. ஹாட்ஸ்பாட்டில் உள்ள கருவி எந்தத் தளத்தைத் திறப்பதாக இருந்தாலும், அதன் முகவரியை முதலில் லேப்டாப்பிடம், அதாவது 192.168.137.1-இடம், கேட்கும். அந்தக் கேள்வியே லேப்டாப் வாசலில் தடுக்கப்பட்டது. கில் ஸ்விட்சை அணைத்து, வயர்கார்டிலிருந்து ஓபன்விபிஎன்னுக்கு மாற்றி, TAP-Windows Adapter V9 என்ற அடாப்டரைப் பகிர்ந்தேன். போன் சிங்கப்பூர் என்றது. அன்றிரவு தம்பியோடு இரண்டு மணி நேரம் விளையாடினேன், ஒரு முறைகூட நிற்கவில்லை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே, பணம் எதற்குத் திருப்பிக் கேட்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். தீரவில்லை. விபிஎன் வழியே போனதும் கன்சோல் NAT Type 3 என்று காட்டுகிறது. அதற்கு முன் Type 2 இருந்தது. Type 3 என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பை என் கன்சோல் ஏற்க முடியாது. கேம் சர்வரோடு விளையாடலாம், ஆனால் கன்சோலுக்குக் கன்சோல் நேராகப் பேசும் பார்ட்டி வாய்ஸ் எங்களுக்குக் கிடைப்பதில்லை. தம்பி பேசுவது எனக்குக் கேட்பதில்லை, வாட்ஸ்அப் கால் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு விளையாடுகிறோம். இதற்கு உங்கள் சர்வரில் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டும். அது உங்களிடம் இல்லை என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவே மே 27-ஆம் தேதி எழுதியது. கன்சோல் படம் போட்டு விற்பவர்கள் அதை விற்கும் இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த நாள், மே 28 அன்று, 30 நாள் கெடு முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "தொழில்நுட்பப் பிரிவு பரிசீலிக்கிறது, காத்திருக்கவும்" என்று பதில் வந்தது. ஜூன் 4 அன்று "கெடு முடிந்துவிட்டது" என்று இன்னொரு பதில் வந்தது. இரண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், சாட் பதிவுகளோடு சேர்த்து. காத்திருக்கச் சொன்னது நீங்கள்.

நான் கேட்பது 3,540 ரூபாய் முழுவதும். ரிச்சி ஸ்ட்ரீட் போய்வந்த ஆட்டோ செலவை விட்டுவிடுகிறேன். அதோடு, உதவிப் பக்கத்தின் அந்த மூன்று வரிகளை மாற்றுங்கள். விபிஎன் அடாப்டரைப் பகிர்வது, கில் ஸ்விட்ச், போனை வைத்துச் சோதிப்பது ஆகியவற்றைச் சேருங்கள். கன்சோல் விளம்பரத்துக்குக் கீழே போர்ட் ஃபார்வர்டிங் இல்லை என்று படிக்கிற அளவில் எழுதுங்கள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் நீங்கள் தீர்க்க வேண்டும். ஜூலை 14-க்குள் பணம் என் கணக்குக்கு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், அதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். சாட்டில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்
பெரம்பூர், சென்னை