பிற்போட்ட வரியின் பற்றுச்சீட்டு யார் பெயருக்கு வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசாங்கம் வரி அறவிட்டாலும் ஒன்றுதான், கடன் வாங்கினாலும் ஒன்றுதான், இன்றைய கடன் நாளைய வரி என்று ஒரு வாசகர் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். முப்பது வருடம் வணிகக்கல்வி படிப்பித்தவன் என்ற முறையில், அவர் காட்டிய கணக்கு சரி என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கிலிருந்து அவர் எடுத்த முடிவோடுதான் எனக்கு வழக்கு. அதை விளக்க, எங்கள் கமக்கார அமைப்பில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் அதன் செயலாளர்.

எங்கள் சின்னக் குளத்தின் துருசுக் கதவு கறள் பிடித்துப் பூட்ட முடியாமல் போய்விட்டது. கீழே வாய்க்காலிலும் ஒரு துண்டு உடைப்பு. திருத்த மூன்று லட்சம் ரூபா என்று மேசன் சொன்னார். குளத்துக்குக் கீழ் பாய்வது 60 ஏக்கர். அப்படியென்றால் ஏக்கருக்கு 5,000 ரூபா. கையில் இருப்பதைப் போட்டுக் காலபோகத்துக்கு முன் முடிப்பதா, கூட்டுறவுச் சங்கத்தில் 12 வீத வட்டிக்குக் கடன் எடுத்து ஐந்து வருடத்தில் கட்டுவதா என்பதுதான் கேள்வி. கடன் என்றால் ஏக்கருக்கு வருடம் 1,387 ரூபா, ஐந்து வருடத்தில் மொத்தம் 6,935.

"ஐயாயிரத்துக்கு ஏழாயிரமோ? விசர் வேலை" என்றார் ஒரு பெரியவர்.

நான் கரும்பலகை இல்லாத குறையை ஒரு கொப்பித் தாளில் தீர்த்தேன். வங்கியும் வைப்புக்கு 12 வீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று கட்ட வேண்டிய 5,000 ஐ வங்கியில் போட்டுவிடுங்கள். வருட முடிவில் 5,600 ஆகும். அதில் 1,387 ஐ எடுத்துத் தவணையைக் கட்டினால் மீதி 4,213. அடுத்த வருடம் அதற்கும் வட்டி, மீண்டும் ஒரு தவணை. ஐந்தாம் தவணையைக் கட்டும்போது கணக்கில் சில்லறைதான் மிஞ்சும். அதாவது அவர் பயந்த அந்த 1,935 ரூபாவை அவருடைய காசே உழைத்துக் கொடுத்துவிடும். இன்று கட்டினாலும் ஐந்து வருடம் கட்டினாலும் அவருக்கு ஒரே சுமைதான். தங்கள் வாசகர் சொன்னது இதைத்தான். ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1820 இல் இதே கணக்கைப் போட்டார். யுத்தச் செலவு 20 மில்லியன் பவுண் என்றால், அதை ஒரே தடவையில் வரியாகக் கட்டுவதும், 5 வீதத்துக்குக் கடன் எடுத்து வருடம் ஒரு மில்லியன் வட்டியை என்றென்றும் கட்டுவதும் பெறுமதியில் சமம் என்றார். 1974 இல் அமெரிக்கப் பொருளியலாளர் ரொபேர்ட் பரோ இதற்குப் புது உயிர் கொடுத்தார். பிள்ளைகளின் நன்மையைத் தன் நன்மையாக நினைக்கும் பெற்றோர், பிள்ளை கட்டப்போகும் வரிக்காக இன்றே சேமித்து வைப்பார்கள் என்பது அவருடைய வாதம்.

ரிக்கார்டோவே கணக்கைப் போட்டுவிட்டு, மனிதர் இப்படி நினைப்பதில்லை என்றும் எழுதியவர். வருடம் 50 பவுண் கட்டுவதும் ஒரேயடியாக 1,000 பவுண் கட்டுவதும் ஒன்றுதான் என்று ஒரு பணக்காரனை நம்பவைப்பது கஷ்டம், அந்த 50 ஐப் பின்னால் வருகிறவன் கட்டுவான் என்று அவன் மனதுக்குள் நினைத்துக்கொள்வான் என்றார். இந்தப் பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தங்கள் வாசகரும்தான்.

எங்கள் கூட்டத்தில் அந்தப் பாதி உடனேயே எழும்பி நின்றது. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்டார்: "சேர், என்னட்டைக் காசு கிடந்தால் எல்லோ வங்கியில போட? இப்ப கட்டச் சொன்னால் நான் சங்கிலியைத்தான் வைக்கோணும்." அவர் அடகு வைக்கும் இடத்தில் மாதம் நூற்றுக்கு மூன்று. 5,000 ரூபாவுக்கு வருடத்தில் வட்டி மட்டுமே 1,800, முதல் அப்படியே நிற்கும். சங்கக் கடனென்றால் வட்டியும் முதலும் சேர்த்தே 1,387. ஆகவே கடன் அவருக்கு உண்மையான இலாபம். எல்லோருமாகச் சேர்ந்து கடன் எடுக்கக்கூடிய வட்டிக்கே ஒவ்வொருவரும் தனியாகவும் கடன் எடுக்க முடிந்தால்தான் இரண்டும் சமம். வன்னியில் அப்படி யாருக்கு முடிகிறது?

இன்னொரு விஷயம் தேநீர் வந்த பிறகுதான் வெளியே வந்தது. ஒரு மூன்று ஏக்கர் காணியின் சொந்தக்காரர் வெளிநாட்டில். விதைப்பது குத்தகைக்காரத் தம்பி. "ஒரேயடியாகக் கட்டுறதெண்டால் காணிக்காரரிட்டைக் கேக்கலாம். வருசா வருசம் எண்டால் அறுவடையில நிக்கிறது நான்தானே, என்னட்டைத்தானே வாங்குவியள்?" என்றார் தம்பி. எங்கள் வழக்கம் அப்படித்தான். குளத்து அறவீடு எதுவானாலும் சூடடித்த கையோடு விதைத்தவரிடம் வாங்குவோம். புதுக்கதவால் காணியின் மதிப்பு கூடுகிறது, அது சொந்தக்காரருக்கு. வரியைக் கடனாக்கியதால் தொகை மாறவில்லை, ஆனால் சுமை சத்தமில்லாமல் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போய்விட்டது.

இதே கதை நாட்டளவில் நடந்ததை நாமெல்லாம் அனுபவித்தோம். 2019 டிசம்பரில் வற் வரி 15 இலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. வருடம் 12 மில்லியன் ரூபா விற்பனை செய்தாலே அந்த வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியனுக்கு ஏறியது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைத்தால் வருமான வரி என்றிருந்தது, 2020 இலிருந்து இரண்டரை லட்சம் வரை விலக்கு. செலவு குறையவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் நூறு ரூபாவுக்குப் பதினொரு ரூபாவுக்கு மேல் வரியாக வந்துகொண்டிருந்தது, 2020 இல் எட்டு ரூபா அளவுக்கு விழுந்தது. அந்த இடைவெளியைக் கடனும், மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கி வெளியே விட்ட புதுப் பணமும் நிரப்பின. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

பிற்போட்ட வரி வந்தது, அதில் சந்தேகமில்லை. 2022 இல் வற் வரி 12 ஆகி, பிறகு 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. அதுவரை விலக்கில் இருந்த டீசலும் சமையல் எரிவாயுவும் அதே மாதம் உள்ளே வந்தன. 2020 இல் மாதம் இரண்டு லட்சம் உழைத்து வரி மிச்சம் பிடித்தவர்கள் எங்கள் பிரிவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணலாம். 2024 இல் உழவு மெசினுக்கு டீசல் அடித்தவர்கள் எல்லோரும். 2023 இல் வருமான வரியும் திரும்பக் கூடியது என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் சலுகையில் பெரும் பங்கை வாங்கியவரும் பின்னால் கட்டியவரும் ஒரே ஆளில்லை.

தங்கள் வாசகரின் கொள்கைப்படி நடந்த ஒரு பிள்ளையையும் எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவர், கொழும்பில் வேலை, அப்போது சம்பளம் 180,000. வருமான வரி நின்றதும் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. இது எப்படியும் திரும்பக் கேட்கப்படும் என்று ஒரு சதமும் செலவழிக்காமல் சேமித்தார். இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தை விட 70 வீதமளவில் ஏறி நின்றது. ஒரு வருடம் முன் 60,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு அந்த ஒரு லட்சம் முழுவதும் போனது. நாளைய வரிக்கென்று ஒருவர் சேமித்தால், வரி சொன்ன பாதையால் வந்தால்தான் அந்தச் சேமிப்பு உதவும். பணவீக்கமாக வந்தால் சேமித்தவனைத்தான் அது முதலில் பிடிக்கும். நாடாளுமன்றம் வாக்கெடுக்காத வரி அது. அதற்கு அறவிடும் உத்தியோகத்தரும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

இதனால் நான் கடனே கூடாது என்கிற கட்சியில்லை. 1990 இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அந்தத் தண்டவாளம் இந்தியக் கடனில் போடப்பட்டது. அதை அந்த ஒரு வருடத்து வரியில் போட்டிருந்தால், யுத்தத்தில் கூரையும் இழந்தவர்கள் கட்டியிருக்க வேண்டும். இன்று அதில் ஏறிப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை நாளை உழைத்து அதில் ஒரு பங்கைக் கட்டுவதில் எனக்கு ஒரு நெருடலும் இல்லை. துருசுக் கதவும் அப்படித்தான், இருபது வருடம் பாவிக்கலாம். 2020 இல் வரியைக் குறைத்ததால் வந்த ஓட்டைக்கு எடுத்த கடனுக்கு எந்தத் தண்டவாளத்தை நான் பிள்ளைக்குக் காட்டுவது?

ஆகவே, தேர்தல் காலத்தில் வரி குறைப்போம் என்று எங்கள் பக்கம் வருகிறவர்களிடம் தங்கள் நிருபர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும். செலவில் எதைக் குறைப்பீர்கள்? குறைக்காவிட்டால் அந்தக் காசு பிறகு எந்த வருடம், எந்த வரியாக, யாரிடம் வாங்கப்படும்? "பொருளாதாரம் வளரும், தானாகச் சரிவரும்" என்று பதில் வந்தால் அதையும் அப்படியே அச்சில் போடுங்கள்.

எங்கள் கூட்டம் இருட்டும் வரை இழுபட்டது. கடைசியில் விரும்பியவர் ஏக்கருக்கு 5,000 ஐ இப்போதே கட்டிக் கணக்கை முடிக்கலாம், மற்றவருக்கு ஐந்து தவணை என்று முடிவானது. 11 ஏக்கருக்கு உடனே காசு வந்தது. மிச்ச 49 ஏக்கருக்கு 245,000 ரூபா கடன் எடுத்தோம். அந்தப் பெரியவரும் முணுமுணுத்தபடி காசைக் கட்டிவிட்டார், வங்கிக்கு நடக்கிற பஞ்சியில். மூன்று ஏக்கர் விவகாரத்துக்கு வெளிநாட்டுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினோம். அறவீட்டுப் புத்தகத்தில் தம்பியின் பெயருக்கு நேரே நான் ஏற்கெனவே எழுதியிருந்த 4,161 ஐ வெட்டி, காணிக்காரரின் பெயரில் எழுதி, பக்கத்தில் ஒப்பம் வைத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக்கல்வி ஆசிரியர்,
கிளிநொச்சி மாவட்டம்.