சார்ஜரின் அடியில் இருக்கும் 58.4: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
மின் ஸ்கூட்டர் வாடிக்கையாளர்,
ஆலங்குளம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 11.08.2025

பொருள்: பேட்டரி வகையை மறைத்து, தவறான சார்ஜ் முறையைச் சொல்லிக் கொடுத்தது; சர்வீஸ் மையத்தை மூடியது தொடர்பாக.

ஐயா,

இந்த ஜனவரியில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கும் உங்கள் ஷோரூமில் 3.5 கிலோவாட் மணி பேட்டரி உள்ள ஸ்கூட்டரை வாங்கினேன். இதுவரை 10,800 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். என் வேலை இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுதுபார்ப்பது. 14 வருடமாகப் பேட்டரியோடுதான் பிழைப்பு. அதனால் இந்தக் கடிதத்தை வெறும் கோபத்தில் எழுதவில்லை, அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து திருநெல்வேலி கடைக்கு 33 கிலோமீட்டர். போக வர 66. "ஒரே சார்ஜில் 150" என்று உங்கள் போர்டு சொன்னது. விற்பனைப் பையன் "130 கண்டிப்பா வரும் சார்" என்றார். நான் 100 என்று வைத்துக்கொண்டுதான் வாங்கினேன். வண்டியை ஒப்படைத்த அன்று அதே பையன் என் போனில் உங்கள் ஆப்பைத் திறந்து, சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைத்துக் கொடுத்தார். "தினமும் 80 போதும் சார். 100 ஏத்துனா பேட்டரி ஆயுசு குறையும்" என்றார். நீங்கள் தந்த கையேட்டிலும் அதேதான் இருக்கிறது. அதை நம்பி ஆறு மாதம் ஒரு நாள்கூட 80-ஐத் தாண்டி ஏற்றவில்லை.

ஜூலை 8-ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பது இங்கே காற்றாலை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் முதுகில் தள்ளும், சாயங்காலம் நெஞ்சில் மோதும். அன்று வீட்டில் 80 காட்டியது, கடைக்கு வந்து சேர்ந்தபோது 51. இரவு ஏழரைக்குக் கிளம்பி, சீதபற்பநல்லூர் தாண்டி வந்துகொண்டிருக்கையில் 21 காட்டியது. அடுத்த ஒரு கிலோமீட்டருக்குள் 21 என்பது 4 ஆனது. வண்டி ஆமை வேகத்துக்கு இறங்கியது. கொஞ்ச தூரத்தில் நின்றேவிட்டது. வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.

பக்கத்தில் ஒரு டீக்கடை. "இங்கன சொருகிக்கிடுங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் பிளக்கைக் காட்டினார். சார்ஜர் வீட்டில் இருந்தது. செங்கல் கனத்தில் இருக்கும் அதைத் தினமும் யார் சுமப்பார்கள்? ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பெட்ரோல் பங்கில் சார்ஜிங் நிலையம் இருக்கிறது என்றார். தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால் அது காருக்கான சிசிஎஸ்-2 கனெக்டர், என் வண்டியில் நுழையவே நுழையாது. கடைசியில் ஒரு குட்டியானையைப் பிடித்து 900 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் உங்கள் கஸ்டமர் கேரில் "பேட்டரி பழுதாக இருக்கலாம், மதுரைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். திருநெல்வேலி சர்வீஸ் மையத்தை மே மாதமே மூடிவிட்டீர்களாம். நின்றுபோன வண்டியை 150 கிலோமீட்டருக்கு மேல் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டேன். "புகார் எண் வரும் சார்" என்றார்கள். எண் வந்தது. நான்கு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று செய்தியும் வந்தது. யாரும் வரவில்லை. மறுபடி பதிந்தேன், மறுபடியும் அதே செய்தி.

சரி, நாமே பார்ப்போம் என்று சார்ஜரைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். 58.4 வோல்ட், 13 ஆம்பியர். அந்த 58.4-ஐப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டுவிட்டது. என்னோடு வேலை செய்பவர் இதே மாடலை 2023-இல் வாங்கியவர். அவருடைய சார்ஜரில் 58.8 இருக்கிறது. 58.8 என்றால் 4.2 வோல்ட்டில் நிறையும் செல்கள் 14, அதாவது நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் கலந்த என்எம்சி. 58.4 என்றால் 3.65 வோல்ட்டில் நிறையும் செல்கள் 16, அது லித்தியம் இரும்பு பாஸ்பேட், எல்எஃப்பி. பெயரும் நிறமும் அதே. நடுவில் பேட்டரியின் வேதியியலையே மாற்றிவிட்டு, கையேட்டை மட்டும் மாற்றாமல் கொடுத்திருக்கிறீர்கள். பில்லிலும் கையேட்டிலும் "லித்தியம் அயான்" என்ற ஒரே சொல்தான்.

எல்எஃப்பி கொடுத்ததற்காக நான் சண்டைக்கு வரவில்லை. கேட்டிருந்தால் நானே அதைத்தான் எடுத்திருப்பேன். எங்கள் ஊர் வெயிலை அது நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது, கூடுதல் முறை சார்ஜ் ஏற்றலாம். அதே கொள்ளளவுக்கு எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துக்கொள்ளும் முறை வேறு. என்எம்சி செல்லில் 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.3 வோல்ட் வித்தியாசம் இருக்கும், மின்னழுத்தத்தைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். எல்எஃப்பி செல்லில் அதே இடைவெளிக்கு நூறில் சில பங்கு வோல்ட்தான். தட்டையான தரை மாதிரி, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அதனால் உள்ளே பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற மின்சுற்று, போன கரண்டையும் வந்த கரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் காட்டுகிறது. அந்தக் கணக்கில் தினமும் சிறு பிழை சேரும். முழுதாக ஏற்றி, மின்னழுத்தம் உச்சிக்கு ஏறும்போதுதான் "இதுதான் 100" என்று அது தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். செல்களைச் சமப்படுத்தும் வேலையும் அந்த உச்சியில்தான் நடக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது 100 வரை ஏற்று என்று எல்எஃப்பிக்குச் சொல்வது இதனால்தான். 80-இல் நிறுத்து என்ற அறிவுரை என்எம்சிக்குச் சரி. நிறைந்த நிலையில் சூட்டில் நின்றால் அதற்கு ஆயுள் குறையும். எனக்கு அதே அறிவுரையைக் கொடுத்து, பிஎம்எஸ் ஆறு மாதம் கணக்கைத் திருத்த வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். அன்று காலை 80 என்று காட்டியபோது உள்ளே ஏறத்தாழ 65-தான் இருந்திருக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்தேன். ஆப்பில் வரம்பை எடுத்துவிட்டு, சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே ஒரு வாட் மீட்டரைப் போட்டு இரவு ஒன்பது மணிக்குச் சார்ஜில் வைத்தேன். காலியாக நின்ற பேட்டரி நிறைய 4 யூனிட் இழுத்தது. சார்ஜர் இழப்பு போக, 3.5 கிலோவாட் மணிக்குச் சரியான கணக்கு. ஆக, பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. 100 காட்டிய பிறகும் பிளக்கைப் பிடுங்காமல் விடியும்வரை விட்டேன். மீட்டரில் வாட் மெதுவாக இறங்கி, கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் செல்கள் சமப்படும் அடையாளம். இரண்டு இரவு இப்படிச் செய்தபின் முள் சரியாகிவிட்டது. இப்போது காற்று நாளில் 100-இல் கிளம்பினால் 30 மிச்சத்தோடும், காற்றில்லாத நாளில் 38 மிச்சத்தோடும் வீடு வருகிறேன். மதுரைக்கு வண்டி ஏற்றச் சொன்ன பழுதுக்கு மருந்து ஒரு முழு சார்ஜ். உங்கள் ஆட்களில் ஒருவராவது "கடைசியாக எப்போது 100 ஏற்றினீர்கள்?" என்று கேட்டிருந்தால் போதும்.

இந்தக் கணக்குப்படி வண்டியின் உண்மையான தூரம் காற்றில் 94, காற்றில்லாமல் 106. உங்கள் 150 பொய் என்று சொல்ல மாட்டேன். அது ஐடிசி என்ற இந்திய ஓட்டச் சுழற்சிச் சோதனையில் வந்தது. ஆனால் அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர், உச்ச வேகமே 42. நான்குவழிச் சாலையில் 55-இல் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வண்டிக்கு அது 75-இல் போவது மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். போர்டில் 150-ஐக் கொட்டை எழுத்திலும் "ஐடிசி" என்பதைக் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் போட்டால், தினமும் 120 கிலோமீட்டர் ஓட வேண்டியவர் என்ன செய்வார்? அவருக்கு இந்த வண்டி தினமும் வழியில் நிற்கும்.

அப்புறம், கனெக்டர். இலகு மின்வாகனங்களுக்கு ஏசி, டிசி இரண்டும் சேர்ந்த பொதுக் கனெக்டர் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023-லேயே கொண்டுவந்துவிட்டது. நீங்கள் 2025-இல் விற்ற வண்டியில் உங்களுக்கு மட்டுமே உரிய கனெக்டர். நெல்லையில் உங்கள் வேக சார்ஜர் ஒன்றே ஒன்று, அதுவும் மூடிய சர்வீஸ் மையத்தின் வளாகத்துக்குள். கேட்டில் பூட்டு. ஆப்பில் மட்டும் இன்னும் பச்சைப் புள்ளியாகத் தெரிகிறது. அதை நம்பி யாராவது வந்து நிற்பதற்குள் முதலில் அந்தப் புள்ளியை எடுங்கள்.

சர்வீஸ் விஷயம்தான் எனக்கு இப்போது பெரிய கவலை. பின்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்போது இரண்டு வாரமாக உராயும் சத்தம் வருகிறது. எங்கள் ஊர் மெக்கானிக் பார்த்துவிட்டு, "கழட்டிருவேன் அண்ணாச்சி, ஆனா வாரண்டி போச்சுன்னு சொல்வாங்களே" என்று கையை எடுத்துவிட்டார். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் பார்க்க வேண்டும் என்று உங்கள் வாரண்டி அட்டை சொல்கிறது. அப்படி ஒரு மையம் எங்கள் மாவட்டத்திலும் இல்லை, நெல்லையிலும் இல்லை. வாங்கும்போது ஷோரூமுக்குப் பின்னாலேயே நான்கு பேர் வண்டி கழற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் பணம் கட்டினேன்.

நான் கேட்பவை இவை. என் வண்டியின் பேட்டரி வகை என்ன, எப்படிச் சார்ஜ் செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் தாருங்கள். இதே மாற்றத்துக்குப் பிறகு இந்த மாடலை வாங்கிய எல்லோருக்கும் ஆப்பில் அதே செய்தியை அனுப்பி, 80 வரம்பை எடுக்கச் சொல்லுங்கள். அவர்களில் பலர் அடுத்த காற்று நாளில் நடுரோட்டில் நிற்கப்போகிறவர்கள். பிரேக்கைப் பார்க்க ஆலங்குளத்துக்கு ஆள் அனுப்புங்கள். முடியாவிட்டால், உள்ளூரில் சரிசெய்தாலும் வாரண்டி நிற்கும் என்று கடிதம் தாருங்கள். குட்டியானைக்குக் கொடுத்த 900 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், ரசீதை இணைத்திருக்கிறேன். சார்ஜர் லேபிள்கள் இரண்டின் படமும், வாட் மீட்டரின் படமும், "தீர்க்கப்பட்டது" என்று வந்த இரண்டு செய்திகளின் படமும் இதனுடன் உள்ளன.

15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட முடியும், அதற்கு நான் மதுரைக்கு வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஆலங்குளம்.